வாடகைக்கு வருபவரிடம் பொலிசுக்குக் கொடுக்க என்னென்ன வாங்குவது? அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு சந்தேகமும் இருக்கிறது (கல்லடி)

கல்லடிக்காரி

எல்லோருக்கும் வணக்கம். கல்லடியில் எங்கள் வீட்டு மேல்மாடியை முதல் தடவையாக வாடகைக்குக் கொடுக்கப் போகிறேன். இவர் போன வருடம் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில், கீழே நானும் தங்கச்சியும் மட்டும்தான். வரப்போவது ஒரு இளம் குடும்பம். கணவன் அட்டன் பக்கம், இங்கே ஒரு தனியார் கம்பனிக்கு மாற்றலாகி வந்திருக்கிறார். மனைவி செங்கலடி. எட்டு மாதக் குழந்தை ஒன்று. பேசிப் பார்த்ததில் எனக்குப் பிடித்துவிட்டது.

பக்கத்து வீட்டு அண்ணன்தான் சொன்னார், பொலிசில் பதியாமல் ஆளை ஏற்றாதே, அடையாள அட்டையை வாங்கி அலுமாரிக்குள் வைத்துக்கொள் என்று. அதனால் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அந்தத் தம்பி முகம் சுளிக்காமல் இரண்டு பேருடைய அட்டையையும் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் குழப்பமே தொடங்கியது.

முதலாவது, அவருடைய அட்டை முழுக்கச் சிங்களத்தில் இருக்கிறது. பெயரையே என்னால் வாசிக்க முடியவில்லை. இரண்டாவது, மனைவியின் அட்டையில் தகப்பனாரின் பெயரும் செங்கலடி விலாசமும்தான், கணவரின் பெயர் எங்கேயும் இல்லை. மூன்றாவதுதான் எனக்குப் பயம். இலக்கத்தின் முன்பகுதியில் பிறந்த வருடமும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கும் என்று தங்கச்சியின் மகன் சொன்னான். இருந்து எண்ணிப் பார்த்தேன். அவர் பிறந்தது 1991 நவம்பர் 3. என் கணக்கில் 307ஆவது நாள். அட்டையில் 91308 என்று தொடங்குகிறது. மனைவி 1995 ஜூன் 10. பெண்களுக்கு 500 கூட்ட வேண்டுமாம், 161ஐக் கூட்டினால் 661 வருகிறது. அவளுடைய அட்டையில் 1995662. இரண்டு பேருக்குமே ஒன்று கூடுகிறது.

கள்ள அட்டையா? பொலிசுக்கு உண்மையில் என்ன கொடுக்க வேண்டும்? அசல் அட்டையை நான் வாங்கி வைக்கலாமா? அந்தப் பிள்ளைகளின் மனம் நோகாமல் இதை எப்படிக் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வருகிற முதலாம் திகதி சாமான் ஏற்றி வருகிறார்கள்.

எருவில் தம்பி

அக்கா, பொலிசில் பதிவது கட்டாயம். ஆள் வந்து 24 மணித்தியாலத்துக்குள் பதியாவிட்டால் வீட்டுக்காரர் மேல் வழக்குப் போடுவார்கள், சட்டமே இருக்கிறது. இலக்கம் பிழைக்கிறது என்றால் நான் ஆளை ஏற்றவே மாட்டேன். ஒருவருக்குப் பிழைத்தால் சரி, இரண்டு பேருக்கும் பிழைக்கிறது என்றால் ஒரே இடத்தில் அடித்த அட்டையாகத்தான் இருக்கும்.

வாவிக்கரை

அவசரப்பட வேண்டாம் தம்பி. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஒரு நாள் கூடுகிறது என்பதுதான் அட்டை சரி என்பதற்கான அடையாளமே.

டீச்சர் (நீங்கள் எண்ணியிருக்கும் விதத்தைப் பார்த்தால் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது), ஆட்பதிவுத் திணைக்களம் இலக்கம் போடும்போது எல்லா வருடத்திலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றுதான் எண்ணும். லீப் வருடமா இல்லையா என்று பார்ப்பதில்லை. அதனால் மார்ச் 1 எந்த வருடமானாலும் 61ஆவது நாள். 1991உம் 1995உம் சாதாரண வருடங்கள், இருவரும் மார்ச்சுக்குப் பிறகு பிறந்தவர்கள், ஆகவே நாட்காட்டியைப் பார்த்து எண்ணினால் ஒன்று குறையத்தான் செய்யும். ஜனவரி 31, பெப்ரவரி 29, மார்ச் 31, ஏப்ரல் 30, மே 31, கூட்டினால் 152, அதோடு ஜூன் 10ஐச் சேர்த்தால் 162, பெண் என்பதால் 662. அவருக்கும் இதே மாதிரிக் கூட்டிப் பாருங்கள், 308 வரும்.

நான் கிராம உத்தியோகத்தராக நீண்ட காலம் வேலை செய்து ஓய்வுபெற்றவன். இந்த ஒரு நாள் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு மருமகன் கள்ளன் என்று என்னிடம் ஓடி வந்த பெண் வீட்டாரையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இலக்கமும் பிறந்த திகதியும் பொருந்துவதால் அட்டை உண்மையானது என்று ஆகிவிடாது. கள்ளமாக அடிப்பவனுக்கும் இந்தக் கணக்குத் தெரிந்திருக்கலாம். பொருந்தாவிட்டால்தான் அது நமக்கு உதவும், அப்போது நின்று கேட்கலாம். வட்ஸ்அப் படத்தை வைத்து ஒன்றையும் முடிவு செய்யாதீர்கள். அசலை அவர்கள் கையிலிருந்து வாங்கி, முகத்தையும் படத்தையும் பார்த்து, அவர்கள் முன்னாலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கல்லடிக்காரி

கடவுளே, எவ்வளவு பெரிய பாரம் இறங்கியது. இப்போதே கூட்டிப் பார்த்தேன், 308 சரியாக வருகிறது. நான் டீச்சர்தான், கணக்குப் படிப்பித்தவள், அதனால்தான் அந்த ஒரு நாள் என்னைத் தூங்க விடவில்லை. சிங்கள அட்டைக்கு என்ன செய்வது? அதுவும் பழைய இலக்கம், மனைவிக்குப் புதியது.

வாவிக்கரை

2014க்கு முன்னால் வடக்கு கிழக்குக்கு வெளியே கொடுத்த அட்டைகள் சிங்களத்தில் மட்டும்தான் இருக்கும். இங்கே நமக்கு மட்டும் இரண்டு மொழியிலும் கொடுத்தார்கள். அட்டனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்கள அட்டை இருப்பது வழமை, அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் பெயரை நீங்களாக ஊகித்துத் தமிழில் எழுதாதீர்கள். மலையகப் பெயர்கள் சிங்களத்தில் போய்த் திரும்பி வரும்போது எழுத்து மாறிவிடும். அவரிடமே கொடுத்து, பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் உள்ளபடி தமிழிலும், அட்டையில் உள்ளபடி சிங்களத்திலும் எழுதச் சொல்லுங்கள். பொலிசில் பெயரைவிட இலக்கத்தைத்தான் பார்ப்பார்கள்.

இலக்கம் பழையது என்றால் ஒன்பது எண்களும் கடைசியில் V அல்லது X எழுத்தும், புதியது என்றால் 12 எண்கள். பழையதைப் புதியதாக மாற்றும்போது முன்னால் 19 வரும், நாளுக்குப் பிறகு ஒரு 0 நுழையும், பின்னால் உள்ள எழுத்துப் போய்விடும். அவர் வேறு எங்கேயாவது 1991308 என்று தொடங்கும் இலக்கத்தைக் கொடுத்திருந்தால் அதுவும் அவர்தான். படிவத்தில் அட்டையில் இருப்பதையே எழுதுங்கள்.

மனைவியின் அட்டை கல்யாணத்துக்கு முன் எடுத்தது, அதனால் தகப்பனாரின் பெயர். விலாசமும் அப்படித்தான், ஆள் வீடு மாறினால் அட்டை தானாக மாறாது, விண்ணப்பித்தால்தான் மாறும். வாடகைக்கு இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேருடைய அட்டையில் வேறு ஊர் விலாசம்தான் இருக்கும்.

டோஹா மட்டு

வீட்டுக்காரர் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கிறார் என்றால் அதை இப்போது இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், நான் கட்டாருக்கு வரும்போது எடுத்தேன். பாஸ்போட், அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம் எல்லாம் போட வேண்டும். அந்தத் தம்பியிடம் அதை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், வேறு ஒன்றும் தேவையில்லை.

வாவிக்கரை

தம்பி, அது வேறு விஷயம். நீங்கள் எடுத்தது பொலிஸ் தலைமையகம் கொடுக்கிற சான்றிதழ், வெளிநாட்டு வேலைக்கும் விசாவுக்கும் கேட்பது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று உள்ளூர் பொலிஸ் நிலையத்துக்குக் கொடுக்கிற விபரப் பட்டியல் இது. அந்தச் சான்றிதழைக் கேட்டு ஒரு குடும்பத்தை அலைய வைக்கத் தேவையில்லை. பொலிசும் வாடகைக்காரரிடம் அதைக் கேட்பதில்லை.

சிவந்த மண்

நான் இதில் வேறு மாதிரி நினைக்கிறேன். பதிவு, பட்டியல் என்றாலே எனக்கு உடம்பு கூசும். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த நம்மாட்கள் முந்நூறு பேருக்கும் மேல் இரவோடிரவாக பஸ்ஸில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் தடுத்த பிறகுதான் நின்றது. அப்போதும் பலர் பதிந்திருந்தவர்கள்தான், பதிவு ஒருவரையும் காப்பாற்றவில்லை. அவசரகாலச் சட்டம் 2011 ஓகஸ்டில் முடிந்துவிட்டது, அதோடு இந்தப் பதிவுக்கும் சட்டம் கிடையாது. கேட்டாலும் கொடுக்கத் தேவையில்லை.

வாவிக்கரை

உங்கள் உணர்வு விளங்குகிறது. எங்கள் வீட்டிலும் கதவுக்குப் பின்னால் பெயர்ப் பட்டியல் ஒட்டி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் அம்மா நடுங்குவா.

ஆனால் சட்டம் பற்றிச் சொன்னது பாதிதான் சரி. அவசரகால விதிகள் போய்விட்டன, உண்மை. இது அதைவிடப் பழையது. 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம், அதில் 76ஆம் பிரிவு. பொலிஸ் அறிவித்தல் கொடுத்தால், வீட்டுக்காரர் தன் வீட்டில் இருப்பவர்களின் பட்டியலைக் கொடுக்க வேண்டும், குடும்பத்தவர் யார், வேலைக்காரர் யார், மற்றவர்கள் யார் என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஆள் கூடினாலும் குறைந்தாலும் அறிவிக்க வேண்டும் என்று அந்த அறிவித்தலிலேயே கேட்கலாம். அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இதில் எருவில் தம்பியும் கவனிக்க வேண்டியது, கடமை தொடங்குவது பொலிஸ் அறிவித்தல் கொடுத்த பிறகு. நாடு முழுவதற்கும் பொதுவாக 24 மணித்தியாலம் என்று அந்தப் பிரிவில் இல்லை. உங்கள் பகுதியில் படிவம் வீடு வீடாகக் கொடுத்திருந்தால் அல்லது ஜி.எஸ் மூலம் சொல்லியிருந்தால் அது அறிவித்தல். டீச்சர், உங்களுக்கு முன்பு அப்படி ஏதும் வந்ததா?

கல்லடிக்காரி

வந்தது. 2019க்குப் பிறகு ஒரு படிவம் கொடுத்தார்கள், இவர்தான் நிரப்பிக் கொடுத்தார். பெயர், அடையாள அட்டை இலக்கம், வயது, உறவு, தொழில், தொலைபேசி, நிரந்தர விலாசம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. அதன் போட்டோக்கொப்பி ஒன்று அவருடைய கோப்புக்குள் இன்னும் கிடக்கிறது. ஆட்கள் மாறினால் அறிவிக்கவும் என்று அடியில் ஒரு வரி இருக்கிறது. அவருடைய கையெழுத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன்.

எருவில் தம்பி

24 மணித்தியாலம் என்று எனக்குச் சொன்னவர் எங்கள் ஊர்ப் புரோக்கர். நான் அதை அப்படியே நம்பிவிட்டேன். சரி அண்ணன், விளங்கிக்கொண்டேன்.

சாய்ந்தமருது நானா

எங்கள் ஊரிலிருந்து ஒரு வார்த்தை சொல்கிறேன். 2019 ஏப்ரல் 26ஆம் திகதி இரவு குண்டு வெடித்தது ஒரு வாடகை வீட்டில்தான். ஊருக்குப் புதியவர்கள், வந்து சில நாட்கள்தான். சந்தேகப்பட்டுப் போய்க் கேட்டதும், தகவல் கொடுத்ததும் எங்கள் ஊர் மக்கள்தான். அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகளும் செத்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் ஆள் கேட்டு வந்தால் ஜி.எஸ்ஸுக்குத் தெரியாமல், பள்ளி நிர்வாகத்துக்குத் தெரியாமல் சாவி கொடுப்பதில்லை.

ஆனால் அதன் பாரமும் எங்கள் மேல்தான் விழுந்தது. அடுத்த வருடம் மட்டக்களப்பு டவுனில் என் மகளுக்கு அறை தேடினோம், தாதியர் பயிற்சிக்காக. பெயரைக் கேட்ட உடனே வீடு இல்லை என்றார்கள், நான்கு இடத்தில். ஐந்தாவது வீட்டு அம்மா மட்டும் எங்கள் மூன்று பேருடைய அட்டையையும் பார்த்தா, எழுதினா, என்னையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போய்க் கொடுத்தா, அறையையும் தந்தா. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பெயரைப் பார்த்துக் கதவைச் சாத்துவதைவிட அட்டையைப் பார்த்துக் கதவைத் திறப்பது எவ்வளவோ மேல். அதனால் டீச்சர், கேட்கத் தயங்காதீர்கள். எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கேளுங்கள், அது போதும்.

வந்தாறுமூலை போடிங்

அக்கா, அசலை மட்டும் வாங்கி வைக்காதீர்கள். நான் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது போடிங் அம்மா எங்கள் ஆறு பேருடைய அட்டையையும் வாங்கிப் பூட்டி வைத்துவிட்டா, வாடகை தராமல் ஓடிவிடுவோம் என்று. பரீட்சைக்கு அட்டை வேண்டும், வங்கிக்கு வேண்டும், வெளியே நிறுத்திக் கேட்டால் காட்ட வேண்டும். ஒரு நாள் அவ திருகோணமலைக்குப் போய்விட்டா, அடுத்த நாள் காலையில் எனக்குப் பரீட்சை. இரவு பத்து மணிக்கு அவவின் மருமகனைத் தேடிப் பிடித்து அலுமாரியைத் திறந்தோம். அன்று அழுத அழுகையை மறக்க மாட்டேன். வாடகைக்குப் பயம் என்றால் முற்பணம் வாங்குங்கள், அடையாள அட்டையை வாங்காதீர்கள்.

அட்டன் வாத்தியார்

நானும் மலையகம்தான், ஆறு வருடமாக அம்பாறை மாவட்டத்தில் படிப்பிக்கிறேன், மூன்று வீடு மாறிவிட்டேன். வாடகைக்குப் போகிறவனின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

போட்டோக்கொப்பியைக் கேட்டால் கொடுப்போம், எங்களுக்கும் பழகிவிட்டது. கொடுத்த பிறகு அது எங்கே போகிறது என்பதுதான் கவலை. இரண்டாவது வீட்டில் நான் கொடுத்த கொப்பியை அந்த வீட்டுக்காரரின் மகன் எடுத்து என் பெயரில் சிம் ஒன்று வாங்கியிருக்கிறான். எனக்குத் தெரியாது. ஒரு நாள் பொலிசிலிருந்து அழைத்தார்கள், அந்த இலக்கத்திலிருந்து ஒரு பெண்ணுக்குத் தொல்லை கொடுத்திருக்கிறார்கள், பதிவு என் அடையாள அட்டையில். நான்கு தடவை வாக்குமூலம் கொடுக்கப் போனேன். பள்ளிக்கூடத்தில் லீவு கேட்கும்போது காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் கொடுக்கிற எந்தக் கொப்பியிலும் குறுக்கே பேனையால் எழுதுவேன்: இன்ன விலாசத்து வாடகை வீட்டுக்காக, பொலிஸ் நிலையத்தில் கொடுப்பதற்கு மட்டும், திகதி, கையெழுத்து. எழுத்து படத்துக்கும் இலக்கத்துக்கும் மேலால் போக வேண்டும், ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டுத் திரும்பக் கொப்பி எடுக்கலாம். ஆனால் இலக்கம் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொலிசில் வாங்க மாட்டார்கள். டீச்சர், அந்தத் தம்பிக்கு இதை நீங்களே சொல்லுங்கள், அவர் கேட்கக் கூச்சப்படுவார். வட்ஸ்அப்பில் வந்த படங்களையும் அழித்துவிடுங்கள். போனைப் பழுது பார்க்கக் கொடுத்தாலே போதும்.

கல்லடிக்காரி

அந்தப் படங்களை நான் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் தங்கச்சி மகனுக்கும் அனுப்பியிருந்தேன். இதை வாசித்ததும் நெஞ்சு திக்கென்றது. இரண்டு பேரையும் கூப்பிட்டு முன்னால் வைத்தே அழிக்கச் சொல்லிவிட்டேன்.

நாளைக்குப் பின்னேரம் அவர்களை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வாவிக்கரை ஐயா, எப்படிச் செய்ய வேண்டும் என்று கொஞ்சம் விபரமாகச் சொல்ல முடியுமா? என் பக்கத்தில் செய்து காட்ட ஆள் இல்லை.

வாவிக்கரை

சொல்கிறேன் டீச்சர். தேநீர் கொடுத்துவிட்டுப் பழைய படிவத்தின் கொப்பியை எடுத்து முன்னால் வையுங்கள். உங்களுடைய பெயரும் அதில் இருக்கிறதைக் காட்டுங்கள். நாங்களும் கொடுத்திருக்கிறோம், இனி நீங்களும் இந்த வீட்டு ஆட்கள், அதனால் சேர்க்க வேண்டும் என்று சொன்னால் மனம் நோகாது.

புதிய படிவம் பொலிஸ் நிலையத்தில் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அதே கட்டங்களை வெள்ளைத்தாளில் கோடு போட்டு எழுதலாம். குழந்தையையும் எழுத வேண்டும், அட்டை இல்லை என்பதால் பிறந்த திகதி போதும். தொழில் என்ற இடத்தில் கம்பனிப் பெயரோடு அலுவலகத் தொலைபேசியையும் எழுதச் சொல்லுங்கள். நிரந்தர விலாசம் என்ற இடத்தில்தான் கவனம் வேண்டும். அட்டையில் உள்ள விலாசத்தில் இப்போது ஆள் யாரும் இல்லாமல் இருக்கலாம், தோட்ட லயத்து விலாசம் என்றால் குடும்பமே இடம் மாறியிருக்கும். அட்டையில் உள்ளதையும், பெற்றோர் இப்போது இருக்கும் இடத்தையும், கடைசியாக இருந்த வாடகை வீட்டையும் மூன்றாக எழுதுங்கள். கடைசியாக இருந்த வீட்டுக்காரரின் இலக்கத்தைக் கேட்டு அழைத்துப் பேசுங்கள். என் அனுபவத்தில் ஒரு ஆளைப் பற்றி உண்மையாகத் தெரிய வருவது அந்த அழைப்பில்தான். இலக்கம் தர மறுத்தாலோ, தந்த இலக்கத்தில் பேசுபவருக்கு அந்த வீட்டின் விலாசமே தெரியாவிட்டாலோ அப்போது யோசியுங்கள்.

முந்தின இடத்து ஜி.எஸ்ஸிடம் வதிவிடச் சான்றிதழ் இருந்தால் வாங்கிப் பாருங்கள், இல்லை என்பதற்காக ஒதுக்காதீர்கள். பாஸ்போட், வங்கிப் புத்தகம், சம்பளப் பத்திரம், கல்யாணச் சாட்சிப் பத்திரம் எதையும் கொப்பி எடுக்க வேண்டாம். பொலிஸ் கேட்காததை நீங்கள் வைத்திருந்தால் அதைக் காக்கிற பொறுப்பும் உங்களுக்குத்தான்.

எல்லாவற்றையும் இரண்டு பிரதி எழுதுங்கள். இரண்டிலும் நீங்களும் அவரும் கையெழுத்து வையுங்கள். பொலிசுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் உங்கள் வீடு எந்தப் பொலிஸ் பிரிவுக்குள் வருகிறது என்று ஜி.எஸ்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கிட்டே இருக்கிற நிலையம்தான் உங்கள் நிலையம் என்றில்லை. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், வடக்கு கிழக்கில் அதற்கு உரிமை இருக்கிறது. ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு மற்றதில் திகதி முத்திரையும், வாங்கிய உத்தியோகத்தரின் கையெழுத்தும் இலக்கமும் கேட்டு வாங்குங்கள். பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். கொடுத்தோம் என்று வாயால் சொன்னால் பிறகு ஒருவரும் ஏற்க மாட்டார்கள்.

இன்னொன்று, முத்திரை வாங்கியதும் பொலிஸ் இவரை விசாரித்துவிட்டது, நல்லவர் என்று சொல்லிவிட்டது என்று நினைக்கக் கூடாது. பெரும்பாலும் அந்தத் தாள் ஒரு கோப்புக்குள் போகும், அவ்வளவுதான். ஏதாவது நடந்தால் எடுத்துப் பார்ப்பார்கள். யாரென்று பார்த்துக்கொள்கிற வேலை உங்களுடையதுதான்.

சிவந்த மண்

நீங்கள் சொன்ன 76ஆம் பிரிவைப் போய் வாசித்தேன், அறிவித்தல் விஷயம் சரிதான். ஆனால் ஒரு கேள்வி. அதில் சொல்லியிருப்பது வீட்டுக்காரர், அதாவது அந்த வீட்டில் குடியிருந்து நடத்துபவர். முழு வீட்டையும் வாடகைக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளர் கனடாவில் இருந்தால் பட்டியல் கொடுக்க வேண்டியவர் யார்? குடியிருப்பவரா, உரிமையாளரா?

வாவிக்கரை

நல்ல கேள்வி. குடியிருப்பவர்தான் என்று நான் வாசித்துக்கொள்வேன், ஆனால் நடைமுறையில் பொலிஸ் தேடுவது உரிமையாளரைத்தான். எங்கள் பிரிவில் வெளிநாட்டில் இருந்தவர்களின் வீடுகளுக்கு அவர்களின் சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்து வைத்துக் கொடுப்பார். டீச்சர் அதே கட்டிடத்தில் கீழே இருப்பதால் அவவுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

டோஹா மட்டு

என் வீடு ஆரையம்பதியில் பூட்டித்தான் கிடக்கிறது, அடுத்த மாதம் ஆள் வைக்க யோசித்தேன். மாமாவைக் கையெழுத்து வைக்கச் சொன்னால் ஏதும் நடந்தால் அவரை அல்லவா பிடிப்பார்கள்?

சிவந்த மண்

அதைத்தான் நானும் கேட்கிறேன். மாமாவுக்கு எழுத்தில் ஒரு அதிகாரம் கொடுங்கள், சும்மா கையெழுத்து வைக்க விடாதீர்கள். ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எப்படியும் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னால் எழுதினால்தான் செல்லும், அப்போது அவரிடமே இதையும் கேட்கலாம்.

கல்லடிக்காரி

வேலை முடிந்தது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நேற்றுப் பின்னேரம் வந்தார்கள். பழைய படிவத்தை எடுத்து வைத்தேன். இவருடைய கையெழுத்தைப் பார்த்துவிட்டு அந்தத் தம்பி எழுந்து நின்றார், அந்த ஒரு செயலிலேயே என் பயம் பாதி போய்விட்டது. அசல் இரண்டையும் பார்த்தேன். சிங்கள அட்டையைத் தானே வாசித்துக் காட்டி இரண்டு மொழியிலும் எழுதித் தந்தார். கொப்பியில் குறுக்கே எழுதுங்கள் என்று நான் சொன்னபோது அவருக்கு ஆச்சரியம், இதுவரை ஒரு வீட்டுக்காரரும் இப்படிச் சொன்னதில்லையாம். அவர்கள் முன்பு இருந்த ஏறாவூர் வீட்டம்மாவுடன் பேசினேன். வாடகை ஒழுங்காகக் கொடுத்தார்கள், குழந்தை பிறந்ததும் அறை போதவில்லை என்று போனார்கள் என்றா. பிறகு, நீங்கள் ஏன் பொலிசுக்கெல்லாம் போகிறீர்கள், நான் ஒன்றும் பதியவில்லையே என்று கேட்டா. நான் ஒன்றும் சொல்லவில்லை.

எழுதும்போது ஒன்று வெளியே வந்தது. அவருடைய தம்பி, 19 வயது, இங்கே ஒரு கணினி வகுப்புக்காக வாரத்தில் மூன்று நாள் வந்து தங்குவாராம். அதை முன்னமே சொல்லவில்லை. சொன்னால் வீடு தர மாட்டேன் என்று பயந்தார்களாம். கொஞ்சம் மனம் கசந்தது, மறைக்காமல் எழுதச் சொன்னேன். அந்தப் பிள்ளையின் பெயரையும் சேர்த்து நான்காவதாக எழுதினோம், அட்டை வந்து காட்டிய பிறகுதான் தங்கலாம் என்றேன்.

இன்று காலையில் அவரும் நானும் பொலிசுக்குப் போனோம். வாசலில் இருந்தவர் இது தேவையில்லை, போங்கள் என்றுதான் முதலில் சொன்னார். பழைய படிவத்தின் அடி வரியைக் காட்டியதும் உள்ளே அனுப்பினார். முத்திரை போட மட்டும் அரை மணித்தியாலம் இருக்க வேண்டி வந்தது. திகதி, கையெழுத்து, இலக்கம் மூன்றும் கிடைத்துவிட்டது.

சாய்ந்தமருது நானா

அல்ஹம்துலில்லாஹ், சந்தோஷம் டீச்சர். அந்தத் தம்பி வந்து தங்குவதை மறைத்தது பிழைதான், ஆனால் வீடு கிடைக்காத பயம் எப்படி என்று நான் அறிவேன். மனதில் வைக்காதீர்கள்.

எருவில் தம்பி

நான் என்றால் மறைத்ததற்கே வேண்டாம் என்றிருப்பேன். இன்று தம்பி, நாளைக்கு யார் வருவார் என்று தெரியாது. மூன்று நாள் தங்குகிறவரைப் பட்டியலில் போட வேண்டுமா என்பதிலும் எனக்குச் சந்தேகம், அப்படியென்றால் பொங்கலுக்கு வந்து நிற்கிற மாமியையும் எழுத வேண்டுமே.

வாவிக்கரை

இரண்டு நாள் விருந்துக்கு வருபவரை யாரும் எழுதுவதில்லை. ஒவ்வொரு வாரமும் வந்து தூங்குகிறவர் வேறு. எல்லை எங்கே என்று சட்டத்தில் நாள் கணக்குப் போட்டு வைக்கவில்லை. எழுதியது நல்லது என்றுதான் நான் சொல்வேன்.

அட்டன் வாத்தியார்

டீச்சர், கடைசியாக ஒன்று கேட்கலாமா? அவர்கள் வீட்டை விட்டுப் போகும்போது உங்களிடம் உள்ள கொப்பியை என்ன செய்வீர்கள்? என்னிடம் இதுவரை எந்த வீட்டுக்காரரும் திருப்பித் தந்ததில்லை.

கல்லடிக்காரி

அட்டைக் கொப்பி என்னிடம் இல்லை வாத்தியார். இரண்டையும் பொலிஸ் பிரதியோடு இணைத்துக் கொடுத்துவிட்டேன். எழுதிய பட்டியலின் மற்றப் பிரதி மட்டும் இவருடைய கோப்புக்குள், பழைய படிவத்துக்குப் பின்னால் இருக்கிறது. போகும்போது அவர்கள் பெயரை வெட்டிவிட்டுப் பொலிசுக்கும் அறிவிக்க வேண்டும் என்று மேலே திகதி போட ஒரு இடம் விட்டு வைத்திருக்கிறேன். முதலாம் திகதி லொறி வருகிறது, மேலே தண்ணீர்த் தாங்கியைக் கழுவ ஆள் கூப்பிட வேண்டும்.